பூச்சுக்கு முன்னால் ஒரு கிழமை: வன்னி வீட்டுச் சுவருக்குள் நெற்வேர்க் குழாயும் கேபிளும்

புதுக்குடியிருப்பில் அக்காவின் வீடு மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. சுமார் 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, மேலே ஓடு. பிள்ளைகள் வளர்ந்ததும் முன்பக்கத்தில் பெரிய ஹோல் ஒன்றையும் படிக்க ஓர் அறையையும் கூட்டிக் கட்டினார்கள். கல் கட்டி, லிண்டல் போட்டு, கூரை மரம் ஏறிய நாளில் அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். "அடுத்த கிழமை மேசன் பூச்சுக்கு இறங்கப்போறார். இன்டர்நெற் வயருக்கு ஏதும் செய்யிறதெண்டால் இப்ப சொல்லு."

சரியான நேரத்தில் கேட்டார். சுவர் நிற்கிறது, பூச்சு இல்லை, கூரை மேலே மூடியிருக்கிறது, சீலிங் அடிக்கவில்லை. இந்த இடைவெளியில் செய்தால் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. பூச்சும் பெயின்டும் முடிந்த பிறகு என்றால் சுவரை வெட்டி, தூசி தின்று, திரும்பப் பூசி, நிறம் பொருந்தாமல் நிற்க வேண்டும். அந்த வீட்டில் செய்ததை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அக்கா கேட்டது எல்லோரும் கேட்பதுதான். "வைஃபை இருக்கேக்கை வயர் ஏன் தம்பி?" அவருடைய வீட்டில் ரவுட்டர் இருந்த இடத்துக்கும் புது அறைக்கும் நடுவில் சீமெந்துக் கல் சுவர் மூன்று வருகிறது. வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலை ஒவ்வொரு சுவரிலும் பெரும் பங்கை இழக்கும். ஹோலிலும் அறைப்பக்கத்திலும் தனித்தனி வைஃபைப் பெட்டி வைத்து, அவற்றுக்கு வயரில் இணைப்புக் கொடுத்தால்தான் வீடு முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யும். ஆக, வயர் போடுவது வைஃபையும் ஒழுங்காக வருவதற்காகத்தான்.

குழாய்தான் முதல், கேபிள் பிறகு

பல வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் என் சொந்த வீட்டில் கேபிளை நேரடியாகச் சுவரில் வெட்டிய காடிக்குள் வைத்துப் பூசிவிட்டேன். குழாய்க்குச் செலவழிக்க மனமில்லை. இரண்டு மாரி கழிந்ததும் ஒரு பொயின்ட்டில் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிற்றுக்கு மேல் ஏறவில்லை. உள்ளே முறுக்குண்டு ஓடும் நாலு சோடி வயரில் ஒன்று போய்விட்டது. எந்த இடத்தில் போனது என்று தெரியாது, தெரிந்தாலும் இழுத்து எடுக்க வழியில்லை. சுவரில் அந்தச் சொக்கற் இன்னும் சும்மா இருக்கிறது.

குழாய் இருந்திருந்தால் பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்திருப்பேன், அரை மணித்தியால வேலை. அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: கேபிளில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, குழாயில் இறங்க வேண்டாம். கேபிள் பத்துப் பதினைந்து வருடத்தில் மாறலாம், செம்புக்குப் பதில் ஒளியிழையே வரலாம். சுவர் அப்படியே இருக்கும்.

எந்தக் கேபிள்

கடையில் கேட்டால் கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, அதற்கும் மேலே கேட் 7, கேட் 8 என்று சொல்வார்கள். வீட்டுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். கேட் 5இ நல்ல செம்பில் இருந்தால் 100 மீற்றர் வரை 1 கிகாபிற்றைக் கொண்டுபோகும், 2.5 கிகாபிற்றும் போகும். கேட் 6 அதே 100 மீற்றருக்கு 5 கிகாபிற் வரையும், 55 மீற்றருக்குள் 10 கிகாபிற்றும் தாங்கும். பல கேபிள்கள் ஒன்றாகக் கட்டுண்டு ஓடினால் அந்த 55 ஏறத்தாழ 37 ஆகக் குறையும். கேட் 6ஏ முழு 100 மீற்றருக்கும் 10 கிகாபிற் கொடுக்கும்.

வன்னியில் நாங்கள் கட்டும் வீட்டில் ஒரு கேபிள் 25 மீற்றரைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே கேட் 6 போட்டாலே 10 கிகாபிற்றுக்கும் இடமிருக்கிறது. கேட் 6ஏ தடிப்பு, ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. விட்டம். வளைவுகளில் முரண்டு பிடிக்கும், சின்னக் குழாயில் ஒன்றுக்கு மேல் போகாது. கேட் 8 தரவு நிலையங்களில் 30 மீற்றருக்குள் ஓடுவதற்கென்று வந்தது. கேட் 7க்கு என வகுத்த சொக்கற் நாங்கள் பாவிக்கும் ஆர்ஜே 45 இல்லை. ஆர்ஜே 45 மாட்டி விற்கும் கேட் 7க்கு மேலதிகக் காசு கொடுப்பதில் வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

அலுமினியத்தாள் சுற்றிய கேபிளும் தேவையில்லை. அந்தத் தாளைச் சரியாக நிலத்தொடுப்புக்குக் கொண்டுபோனால்தான் பயன், வீட்டில் அதை யாரும் செய்வதில்லை. தாள் இல்லாத சாதாரண கேட் 6, உள்ளே ஒற்றைக் கம்பியாக உள்ளது, இதைத்தான் சுவருக்கு வாங்க வேண்டும். பல நுண்கம்பிகளை முறுக்கிய மென்மையான வகை சொக்கற்றில் இருந்து கணினிக்குப் போகும் சிறு வயருக்கு மட்டும்.

கேபிளின் எண்ணை விடப் பெரிய விஷயம் உள்ளே இருக்கும் உலோகம். செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கேபிள் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கும் வருகிறது. வெளியே கேட் 6 என்று அச்சடித்திருக்கும், விலை நன்றாகக் குறைவாக இருக்கும். அலுமினியத்தின் மின்தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல். கமராவுக்கும் வைஃபைப் பெட்டிக்கும் இதே கேபிளில் மின்சாரமும் அனுப்புகிறோம். பிஓஇ என்று சொல்வது அதைத்தான். தடை கூடினால் கேபிள் சூடாகும், தூரத்தில் மின்னழுத்தம் விழும், இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் கமரா தானாக நின்று திரும்ப எழும்பும். சொக்கற்றில் அடித்த கம்பி இரண்டு தரம் வளைத்தால் ஒடிந்தும் போகும்.

கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. முதலாவது பாரம். 305 மீற்றர்ப் பெட்டி இரண்டைத் தூக்கிப் பார்த்தால் கைக்கே தெரியும், செம்பு தெளிவாகப் பாரம். இரண்டாவது, ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். மூன்றாவது மல்ரிமீற்றர், நான் மிகவும் நம்புவது இது. திறக்காத முழுப் பெட்டியில் கேபிளின் இரண்டு முனையையும் வெளியே எடுத்து, ஒரு முனையில் நீலச் சோடியின் இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்குங்கள். மறுமுனையில் அதே சோடியின் தடையை அளவுங்கள். மின்சாரம் 305 மீற்றர் போய் 305 மீற்றர் திரும்புகிறது, மொத்தம் 610 மீற்றர். நல்ல செம்பில் கம்பியின் தடிப்பைப் பொறுத்து 40 முதல் 52 ஓம் வரை காட்டும். 60 ஓமைத் தாண்டினால் வாங்காதீர்கள். உட்புற முனை வெளியே வராத பெட்டியும் உண்டு. அதில் இந்தச் சோதனை நடக்காது, சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு முதலில் எடுத்த பெட்டி 66 காட்டியது. கடைக்காரரிடம் மீற்றரைக் காட்டினோம், மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். அடுத்தது 43.

நடு இடமும் பொயின்ட்டுகளும்

எல்லாக் குழாயும் ஓர் இடத்துக்கு வர வேண்டும். ஒரு பொயின்ட்டில் இருந்து அடுத்ததற்குத் தொடராகக் கொண்டுபோகக் கூடாது. மின் பிளக் வயரிங் அப்படிப் போவதால் வயரிங் செய்பவர் பழக்கத்தில் இதையும் அப்படியே செய்துவிடுவார், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடு இடம் ஈரமில்லாததாக, வெக்கை குறைந்ததாக, பக்கத்தில் மின் பிளக் உள்ளதாக இருக்க வேண்டும். சீலிங்குக்கு மேலே வைப்பதை நினைக்கவே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே, எல்லாக் கேபிளையும் இணைக்கும் நெற்வேர்க் சுவிட்ச் அவிந்துபோகும். அக்கா வீட்டில் பழைய பகுதிக்கும் புதியதற்கும் நடுவில் ஒரு சாமான் அறை. அதன் சுவரில் தலைக்கு மேல் உயரத்தில், சீலிங் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதற்குள் ரவுட்டரும் பிஓஇ சுவிட்சும், கரண்ட் போனால் அவற்றை ஓட்டும் சின்ன பற்றரியும். உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது குழாயை அந்தச் சுவரில் இடுப்பு உயரம் வரை வெட்டி இறக்கினால் நாலு அங்குலச் சுவர் தாங்காது. மேலே இருந்து ஒன்றரை அடி மட்டும் சுவருக்கு வெளியாலேயே இறக்கிக் கிளிப் அடித்தோம். சாமான் அறையில் அது யார் கண்ணையும் உறுத்தாது.

பொயின்ட்டுகளை இப்படித் தீர்மானித்தோம். ரிவிக்குப் பின்னால் இரண்டு. படிக்கும் மேசையில் இரண்டு. அத்தானின் அறையில் ஒன்று. புது ஹோல் சீலிங்கில் ஒரு வைஃபைப் பெட்டிக்கு ஒன்று, பழைய பகுதியின் நடுவில் இன்னொன்று. முன் கமரா, பின் கமரா. ஒன்பது கேபிள், ஏழு குழாய்.

இவற்றோடு வெறுங்குழாய் இரண்டு. ஒன்று முன் கூரை விளிம்பின் மூலையில் இருந்து சாமான் அறைக்கு, மற்றது கூரைக்கு மேலே கம்பம் நிறுத்தக்கூடிய பின்மூலையில் இருந்து. வன்னியில் இந்த இரண்டும் கட்டாயம் என்பது என் கருத்து. எங்கள் வீடுகளுக்கு இணைப்பு எந்தப் பக்கத்தால் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒளியிழை வீதிக் கம்பத்தில் இருந்து முன்பக்கத்தால் வரும். அது வராத ஒழுங்கையில் 4ஜி பெட்டியைக் கூரைக்கு மேலே ஏற்றி, கோபுரம் உள்ள பக்கம் திருப்ப வேண்டும். செய்மதித் தட்டு வைத்தாலும் கூரைதான். இன்று ஒன்று, நாளை இன்னொன்று. ஒளியிழை குறுகிய வளைவில் வெளிச்சத்தை இழக்கும் என்பதால் முன்பக்கக் குழாயில் வளைவுகளை நன்றாக அகல விட்டோம்.

அளவு எடுப்பதற்கு நூல் பிடித்தோம். சுவரில் ஏறி, மேலால் ஓடி, சாமான் அறைக்கு இறங்கும் முழுத் தூரத்தையும் கணக்கெடுத்தோம். ரிவி 11 மீற்றர், மேசை 14, அத்தானின் அறை 12, ஹோல் வைஃபை 9, பழைய பகுதி 16, முன் கமரா 18, பின் கமரா 21. ரிவிக்கும் மேசைக்கும் இரட்டைக் கேபிள் என்பதால் கேபிள் 126 மீற்றர். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் சேர்த்து 3 மீற்றர் மிச்சம் விட்டால் மேலும் 27. மொத்தம் 153 மீற்றர், ஒரு பெட்டியில் பாதி. ஏழு குழாயின் நீளம் 101 மீற்றர், வெறுங்குழாய் இரண்டுக்கும் 18.

குழாய் எந்த வழியால் போகும்

நிலத்துக்குள் போட வேண்டாம். மாரியில் எங்கள் மண் ஊறி நிற்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. தரைக்குள் உள்ள குழாயில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, கேபிள் அதில் ஊறிக்கொண்டே கிடக்கும்.

எங்கள் வீடுகளுக்கு மேல் வழிதான் சுகம். பொயின்ட்டில் இருந்து சுவருக்குள் செங்குத்தாக மேலே ஏறி, சுவர் உச்சிக்கு வந்து, சுவர் விளிம்பு வழியாகவோ கூரை மரத்தில் கிளிப் அடித்தோ சாமான் அறைக்கு. சீலிங் வந்ததும் இது மறைந்துவிடும். சீலிங்குக்கு மேலேயும் குழாயை விட்டுவிடக் கூடாது. எலியும் அணிலும் வெறும் கேபிளைக் கடித்துப் போடும்.

சுவர் வெட்டும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். செங்குத்துக் காடி சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது. கிடைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நாலு அங்குலக் கல் 100 மி.மீ. என்றால் செங்குத்தில் 33 மி.மீ., கிடையாக 16 மி.மீ. மட்டுமே. 20 மி.மீ. குழாயே 16க்குள் அடங்காது. ஆகவே நாலு அங்குலச் சுவரில் கிடையாக வெட்டுவதே இல்லை. நடுவில் துளையுள்ள கல்லாக இருந்தால் செங்குத்திலும் கவனம் வேண்டும். வெளி ஓடு மெல்லியது, சுத்தியலால் அடித்தால் பொத்தல் விழும். கிரைண்டரால் இரண்டு கோடு வெட்டி, நடுவை மெல்ல உளியால் எடுக்க வேண்டும்.

மேசன் அண்ணை பொயின்ட் பெட்டியைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு ஆழப் பெட்டி சுவரை ஊடறுத்துப்போடும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மின் சுவிட்சுக்குப் போடும் ஆழம் குறைந்த பெட்டியில் நெற்வேர்க் கேபிள் நெரிபடும். கேட் 6 கேபிளைத் தன் விட்டத்தின் நாலு மடங்கு, அதாவது ஏறத்தாழ 25 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. சொக்கற்றின் பின்பக்கமும் இடம் கேட்கும். அதனால் 47 மி.மீ. ஆழமுள்ள பெட்டி தேவை. இருவரும் நின்று கணக்குப் பார்த்தோம். பூச்சு 15 மி.மீ. வரும், பெட்டியின் வாய் பூச்சின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஆக, கல்லுக்குள் போவது 32 மி.மீ. மட்டும். மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறது. ஒரே இடத்தில் சுவரின் இரண்டு பக்கமும் பெட்டி வராமல் ஓர் அடி தள்ளி வைத்தோம். தரையில் இருந்து உயரம் ஒன்றரை அடி.

குழாயின் அளவுக்கு வருவோம். கேபிள்கள் குழாயின் உள்வெளியில் 40 வீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. 20 மி.மீ. குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 16.5 மி.மீ. கேட் 6 கேபிள் 6 மி.மீ. கணக்குப்படி மூன்று போகலாம், வளைவுகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டோடு நிறுத்துவது நல்லது. நான் ஒற்றைக் கேபிளுக்கு 20 மி.மீ., இரட்டைக் கேபிளுக்கும் வெறுங்குழாய்க்கும் 25 மி.மீ. போடுகிறேன். பின்னாளில் இன்னொன்றை இழுக்க அந்த இடம் உதவும்.

வளைவுக்குக் கடையில் விற்கும் முழங்கை வளைவை வாங்காதீர்கள். கேபிள் அந்த மூலையில் சிக்கி நிற்கும். குழாய்க்குள் ஸ்பிரிங் விட்டு, முழங்காலில் வைத்து மெல்ல அகலமாக வளைக்க வேண்டும். ஒரு குழாயில் இரண்டு செங்கோண வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் மூடியுள்ள பெட்டி ஒன்றை வையுங்கள். பழைய பகுதி வைஃபைக்குப் போன குழாயில் மூன்று வளைவு வந்தது. சீலிங்குக்கு மேலே கை எட்டும் இடத்தில் ஒரு பெட்டி வைத்து இரண்டு துண்டாக்கினோம்.

மின்சார வயரோடு ஒரே குழாயிலோ ஒரே பெட்டியிலோ இதை விடக் கூடாது. இரைச்சல் சின்னப் பிரச்சினை. உள்ளே உரசல் வந்தால் 230 வோல்ற் நேரே கணினிக்கும் பிள்ளையின் கைக்கும் வரும், அதுதான் பயம். பக்கத்துப் பக்கமாக ஓடும் இடத்தில் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடந்து போங்கள்.

பூச்சு நாளும் அதற்குப் பிறகும்

ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நைலோன் கயிறு ஒன்றைப் பூச்சுக்கு முன்பே விட்டுவிடுங்கள். முனைகளைத் துணியால் அடைத்து மேலே டேப் சுற்றுங்கள், பெட்டிகளுக்குள் கசங்கிய கடதாசியை நிரப்புங்கள். பூச்சுக் குழம்பு ஒரு கை அளவு உள்ளே போனாலும் அந்தக் குழாய் முடிந்தது. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் நேரே நின்று படம் எடுங்கள், பக்கத்தில் அளவு நாடாவும் தெரிய வேண்டும். நாளைக்கு யாராவது சுவரில் ஆணி அடிக்கக் கேட்டால் அந்தப் படம் பதில் சொல்லும்.

பூச்சு முடிந்த மறுநாளே கயிற்றை அசைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போதே அடைப்பைத் தெரிந்துகொண்டால் அந்த ஓரடியை மட்டும் உடைத்தால் போதும்.

கேபிளைச் சுவர் காய்ந்து, முதல் பெயின்ட் அடித்த பிறகு இழுங்கள். ஒருவர் பெட்டியில் இருந்து ஊட்ட, மற்றவர் சீராக இழுக்க வேண்டும். கேபிள் தாங்கும் இழுவை ஏறத்தாழ 11 கிலோ பாரம்தான். முழுப் பலத்தோடு இழுக்க வேண்டி வந்தால் எங்கோ சிக்குகிறது, திருப்பி எடுத்துப் பாருங்கள். பலமாக இழுத்தால் உள்ளே முறுக்கு நீண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் விழும். இரட்டைக் கேபிளை ஒன்றாகவே இழுக்க வேண்டும். இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுங்கள்.

வெளியே கமராவுக்குப் போகும் கடைசித் துண்டு வெயிலில் நிற்கும் என்றால் அதற்குக் கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள் வேண்டும். உட்புறக் கேபிளின் உறை எங்கள் வெயிலில் சில வருடத்தில் வெடிக்கும். சுவரில் இருந்து வெளியே வரும் குழாயின் வாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்கட்டும்.

வளவில் தள்ளி ஒரு கடையோ கொட்டிலோ இருந்தால் அங்கே செம்புக் கேபிளை இழுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே இடி மின்னல் கடுமை. பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் உள்ள செம்பில் பாய்ச்சல் வந்து இரு பக்கத்துப் பெட்டியும் எரியும். ஒளியிழையும், இரு முனையிலும் அதைச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றும் பெட்டிகளும் போடுங்கள், அதில் மின்சாரம் ஓடாது. கூரைக் கம்பத்துப் பெட்டிக்கும் இதே ஆபத்து உண்டு. அதன் கேபிளில் நிலத்தொடுப்புள்ள மின்னல் தடுப்பான் ஒன்று வேண்டும், இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவதும் வேண்டும்.

முனை அடிப்பதும் சோதிப்பதும்

சொக்கற்றில் நிற வரிசை இரண்டு உண்டு, ஏ, பி என்று. எதையும் எடுக்கலாம், வீடு முழுக்க ஒன்றையே பின்பற்ற வேண்டும். பி வரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். சோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் அவிழ்க்காதீர்கள்.

எட்டு விளக்குள்ள மலிவுச் சோதனைக் கருவி, கம்பி இரு முனையிலும் தொடர்கிறதா என்பதை மட்டும் சொல்லும். வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்தில் நீலத்துக்குப் பதிலாகப் பச்சையை, இரு முனையிலும் அதே பிழையோடு அடித்தால் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் சேர்ந்து முறுக்குண்டு ஓட வேண்டிய சோடி பிரிந்துவிட்டது, இணைப்பு விட்டு விட்டு வரும். ஆகவே கணினியை மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

1 Gbps என்று காட்ட வேண்டும். 100 Mbps என்றால் பெரும்பாலும் நீலச் சோடியோ மண்ணிறச் சோடியோ விட்டிருக்கிறது. 100 மெகாபிற்றுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும், 1 கிகாபிற்றுக்கு நாலு சோடியும் வேண்டும். இணைப்பே இல்லை என்றால் செம்மஞ்சளையும் பச்சையையும் முதலில் பாருங்கள். பத்தில் ஒன்பது தரம் பிழை முனையில்தான் இருக்கும், திரும்ப அடித்தால் சரியாகும்.

இதற்குப் பிறகு, இரண்டு கணினி இருந்தால் ஒன்றை நடுப் பெட்டியிலும் மற்றதைப் பொயின்ட்டிலும் மாட்டி, வேகத்தை அளக்கும் `iperf3` என்ற நிரலை ஓட்டுங்கள். முதல் கணினியில் முதல் வரி, இரண்டாவதில் அடுத்த வரி. எண் முதல் கணினியின் முகவரி.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.20
```

நல்ல கேபிளில் 940 மெகாபிற் அளவில் நிற்கும். 1 Gbps என்று காட்டிக்கொண்டே இது 300, 400 என்று ஆடினால் பிரிந்த சோடியோ நெரிபட்ட வளைவோ இருக்கிறது. அக்கா வீட்டில் எட்டுக் கேபிள் முதல் தரமே சரி. பின் கமராவுக்குப் போனது 100 மெகாபிற்றில் நின்றது. நடுப் பெட்டிப் பக்கத்து முனையை வெட்டித் திரும்ப அடித்ததும் ஏறியது. இரு முனையிலும் மிச்சம் விட்டதன் பயன் அங்கே தெரிந்தது.

ஏற்கெனவே பூசிக் குடியிருக்கும் வீடு என்றால் நாலு அங்குலச் சுவரைத் திறக்க நான் சொல்ல மாட்டேன். சீலிங்குக்கு மேலே குழாயை ஓடவிட்டு, சுவரில் கதவு நிலையின் ஓரமாக மூடியுள்ள பிவிசி கேசிங்கால் இறக்குங்கள். பெயின்ட் அடித்தால் நிலையோடு சேர்ந்து தெரியும். அதற்குள்ளும் கேட் 6 ஒன்று சுகமாகப் போகும், மின்சார வயர் மட்டும் அதற்குள் வரக் கூடாது.

அக்கா வீட்டில் இப்போது 4ஜி பெட்டி கூரைக் கம்பத்தில் நிற்கிறது, பின்மூலைக் குழாயால் கேபிள் இறங்குகிறது. முன்பக்கத்து 25 மி.மீ. குழாய் இன்னும் வெறுமையாக, உள்ளே கயிற்றோடு, வாய் மூடி இருக்கிறது. ஒழுங்கைக்குள் ஒளியிழை வரும் நாளில் அத்தான் அந்த மூடியைத்தான் கழற்றுவார்.